கருவி திணறும் எழுத்துகள்

பழைய மாத இதழ் ஒன்றை ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் கொடுத்தால், உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் கட்டுரைகள் ஒன்றிரண்டு பிழைகளோடு ஒழுங்காக வந்துவிடும். அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருக்கும் இதழின் பெயர் மட்டும் வராது. சில சமயம் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சில சமயம் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் வந்து நிற்கும். கண்ணாடி போடாத தாத்தாகூடப் படித்துவிடும் எழுத்தில் கருவி தடுக்கி விழுகிறது. கடைப் பலகை, நிறுவன லோகோ, சினிமா டைட்டில், ஸ்ப்ரே பெயின்ட் சுவரெழுத்து என எல்லாவற்றிலும் இதே கதைதான்.

காரணம் கருவியின் வேலைமுறையில் இருக்கிறது. பேச்சில் ஓசிஆர் எனப்படும் எழுத்துணரிகளில் இலவசமாகக் கிடைப்பதும் பலர் கையில் இருப்பதும் டெசராக்ட். எச்பி நிறுவனத்தில் 1980-களில் தொடங்கிய இது 2005-இல் திறமூலமாக வெளிவந்தது. பிறகு கூகுள் அதை வளர்த்தது. 2018-இல் வந்த நான்காம் பதிப்பு முதல் நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு எழுத்துகளைப் படிக்கிறது. ஆனால் அந்த வலைப்பின்னலிடம் போய்ச் சேரும் முன்பே படம் சில வாசல்களைக் கடக்க வேண்டும். முதலில் படம் கறுப்பு வெள்ளையாக்கப்படுகிறது. அடுத்து, ஒட்டிக்கிடக்கும் கறுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றும் எழுத்தா, படமா, கோடா என்று பிரிக்கப்படுகின்றன. எழுத்து என்று ஏற்கப்பட்ட திட்டுகள் வரிசைகட்டி ஒரு வரியாகின்றன. அந்த வரியைத்தான் வலைப்பின்னல் இடமிருந்து வலமாகப் படித்து, தான் பழகிய வடிவங்களோடும் தெரிந்த சொற்களோடும் பொருத்துகிறது.

ஒவ்வொரு வாசலிலும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. வெளிர் பின்னணியில் கரிய எழுத்து இருக்கும். ஓர் எழுத்து ஒன்றிரண்டு திட்டுக்குள் அடங்கும். வரி நேராக ஓடும். எழுத்து ஏதோ ஓர் அச்செழுத்துருவை ஒத்திருக்கும். புத்தகப் பக்கம் இவை எல்லாவற்றுக்கும் கட்டுப்படுகிறது. அலங்கார எழுத்தோ இவற்றில் ஒன்றையாவது மீறுவதால்தான் அலங்காரமாகிறது. ஆகவே கருவி தோற்றதும் வேறு கருவி தேடி ஓடுவதைவிட, எந்த வாசலில் படம் நின்றுபோனது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

அட்டைப் பெயரின் சிக்கலில் ஒரு பகுதி வெறும் அளவுதான். எழுத்தின் உயரம் 30 முதல் 40 பிக்சல் வரை இருக்கும்போது டெசராக்ட் நன்றாகப் படிக்கிறது. 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்த அட்டையில் தலைப்பெழுத்து ஐந்நூறு பிக்சலுக்கு மேல் உயர்ந்து நிற்கும். அவ்வளவு பெரிய திட்டைப் படம் என்று எண்ணி ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். பொடி எழுத்து என்றால் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றும். பெரிய எழுத்தைச் சிறிதாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

எட்டுக் கோடுகளும் ஒரு காணாத குறுக்குக் கோடும்

வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1972-இல் தந்த ஐபிஎம் லோகோ, இரண்டாம் வாசலில் நின்றுபோகும் எழுத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றும் எட்டுக் கிடைக்கோடுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. மனிதக் கண் இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கருவிக்குத் தெரிவது இருபத்துநான்குக்கும் மேற்பட்ட தனித்தனிப் பட்டைகள். அச்சுப் பக்கங்களில் அட்டவணைக் கோடுகளையும் அடிக்கோடுகளையும் கழித்துப் பழகிய கருவி, இவற்றையும் கோடு என்று கழித்துவிடலாம். அல்லது சமக்குறிகளின் வரிசையாகப் படிக்கலாம்.

மருந்து எளிது. லோகோவில் எழுத்தின் உயரம் 150 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பட்டைகள், ஏழு இடைவெளிகள், ஆகப் பதினைந்து அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் ஏறத்தாழ 10 பிக்சல். மேலும் கீழுமாக 10 பிக்சலுக்குள் இருக்கும் எந்த வெற்றிடத்தையும் கறுப்பால் நிரப்பிவிட்டால் பட்டைகள் ஒட்டி முழு எழுத்தாகிவிடும். இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரலில் இது ஒரே கட்டளை:

```
magick logo.png -colorspace Gray -negate -threshold 50% \
  -morphology Close "Rectangle:1x13" \
  -negate -bordercolor white -border 20 clean.png
tesseract clean.png stdout -l eng --psm 8
```

இதில் `1x13` என்பதுதான் உயிர். அகலம் ஒரு பிக்சல், உயரம் 13 பிக்சல் கொண்ட ஊசியால் இடைவெளிகளைத் தைப்பதுபோல. அகலம் ஒன்றாக இருப்பதால் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. உயரத்தை 10-க்கும் கீழே வைத்தால் இடைவெளி நிரம்பாது. 40-க்கு மேலே ஏற்றினால் 'பி' எழுத்தின் இரண்டு கண்களும் அடைபட்டு அது வெறும் கட்டையாகிவிடும். இடைவெளியைவிடச் சற்றுப் பெரிது, எழுத்தின் கண்ணைவிடச் சிறிது என்பதே கணக்கு. கடைசி வரியில் உள்ள `--psm 8`, படத்தில் இருப்பது ஒரே ஒரு சொல் என்று கருவிக்குச் சொல்கிறது. பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்கும் வேலையில் அது இறங்காமலிருக்க இது தேவை.

கட்டளை எழுதப் பழகாதவர்கள் கிம்ப் நிரலில் இதே படத்துக்கு 8 என்ற அளவில் காஸியன் மங்கல் கொடுத்து, பிறகு `Threshold` கருவியால் கறுப்பு வெள்ளையாக்கலாம். கோலத்தைத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்கு ஒப்பான வேலை இது. பட்டையும் வெற்றிடமும் கலந்து நடுச்சாம்பலாகும். அந்தச் சாம்பலும் கறுப்பில் சேரும்படி எல்லையை வெளிர்ப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். எழுத்தின் முனைகள் சற்று மழுங்கும் என்பது தவிர வேறு குறை இல்லை. ஸ்டென்சில் எழுத்து, புள்ளிகளால் ஆன எழுத்து, பெயின்ட் உரிந்த கடைப்பலகை ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம் பொருந்தும்.

நாசாவின் 'புழு' லோகோவிடம் இந்த வைத்தியம் செல்லாது. 1975-இல் வந்து, 1992-இல் ஓரங்கட்டப்பட்டு, 2020-இல் திரும்பி வந்த அந்தச் சிவப்பு எழுத்தில் இரண்டு 'ஏ'க்களுக்கும் குறுக்குக் கோடே கிடையாது. திட்டுகள் முழுமையானவை, வரி நேரானது, நிறம் தெளிவானது. முதல் மூன்று வாசல்களிலும் தடையே இல்லை. ஆனால் எழுத்தின் அடையாளமாகக் கருவி கற்ற உறுப்பு படத்தில் இல்லை. `N/\S/\` போன்ற ஏதோ ஒன்று வரலாம். நிரப்ப இடைவெளி எதுவும் இல்லாத இடத்தில் எத்தனை முறை மங்கலாக்கினாலும் பயனில்லை.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்திலேயே தூரிகையால் அந்தக் குறுக்குக் கோட்டை வரைந்துவிடுவது. ஏமாற்று வேலைபோலத் தோன்றினாலும், தேடலுக்கான சொல்லைப் பெறுவதுதான் நோக்கம் என்றால் குற்றமில்லை. மற்றது, வெளிவந்த உரையில் திருத்துவது. ஒரே பாணி எழுத்து நூறு படங்களில் வருகிறது என்றால், கருவி எதை எதுவாகப் படிக்கிறது என்று முதல் பத்துப் படங்களில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மீதித் தொண்ணூற்றிலும் அதையே மாற்றச் சொல்லலாம். கருவி பிழை செய்வது பெரிதல்ல. ஒரே பிழையை எப்போதும் ஒரே மாதிரி செய்தால் அது பயன்படும் கருவிதான்.

'கலைச்சோலை' கலசசேரல ஆகும் கதை

தமிழ்த் தலைப்பெழுத்து இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அறுபதுகளின் பாணியில் 'கலைச்சோலை' என்று கற்பனைப் பெயர் கொண்ட ஓர் இதழின் அட்டையை எடுத்துக்கொள்வோம். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பில் கனமான நிழல். சொல் வானவில்போல் வளைந்திருக்கிறது. 'ச்' மேலே புள்ளிக்குப் பதில் ஒரு பூ. இரண்டு 'லை'களும் பழைய வடிவம். யானைத் தும்பிக்கைபோல் தலைக்கு மேல் வளைந்து எழுத்தோடு ஒட்டிக்கிடப்பவை.

எதையும் செய்யாமல் அப்படியே கொடுத்தால் கருவி நிழலையும் எழுத்தையும் ஒரே திட்டாக்கிவிடும். வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும்போது நீலமும் சிவப்பும் இரண்டுமே இருண்டு கலந்துவிடுவதும் உண்டு. இங்கே கைகொடுப்பது வண்ணப் பிரிப்பு. கணினியில் எந்தப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. எனவே சிவப்பு அடுக்கை மட்டும் பார்த்தால் மஞ்சள் எழுத்தும் சிவப்பு நிழலும் இரண்டும் பளிச்சிடும்; பிரிக்க முடியாது. நீல அடுக்கில் இரண்டும் இருண்டுவிடும். அங்கும் பிரிக்க முடியாது. பச்சை அடுக்கில் மட்டும் மஞ்சள் பளிச்சென்றும், சிவப்பும் நீலமும் இருண்டும் தெரியும். அதாவது எழுத்து மட்டும் தனியே நிற்கும். அதைத் தலைகீழாக்கினால் வெள்ளையில் கறுப்பெழுத்து கிடைத்துவிடும்:

```
magick attai.jpg -channel G -separate +channel -negate \
  -threshold 50% ezhuthu.png
```

அட்டை மங்கிப் பழுப்பேறியிருந்தால் 50 என்பதை ஐந்தைந்தாக ஏற்றியும் இறக்கியும் பார்க்க வேண்டும். எந்த அடுக்கு உதவும் என்பது நிறச் சேர்க்கைக்கு ஏற்ப மாறும். கிம்பில் `Colors → Components → Decompose` கொடுத்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அடுத்தது வளைவு. வளைந்த வரியை நிமிர்த்தும் கட்டளைகள் இமேஜ்மேஜிக்கில் உண்டு. ஆனால் ஐந்து எழுத்துக்காக வளைவின் கோணத்தை அளந்துகொண்டிருப்பது வீண். எழுத்து எழுத்தாக வெட்டி, சாய்வை நிமிர்த்தி, ஒரு நேர்கோட்டின்மேல் ஒட்டுவது சீக்கிரம் முடியும். வெட்டும்போது ஒரு கவனம் வேண்டும். 'சோ' என்ற எழுத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் உண்டு; மூன்றையும் ஒன்றாகவே வெட்ட வேண்டும். பிறகு அறுபது பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு, இது ஒரே வரி என்று `--psm 7` சொல்லிக் கொடுக்க வேண்டும்.

```
magick nimirnthathu.png -resize x60 \
  -bordercolor white -border 20 vari.png
tesseract vari.png stdout -l tam --psm 7
```

இத்தனைக்குப் பிறகும் 'கலசசேரல' என்பதுபோல் ஏதாவது வந்து நிற்கலாம். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாமல் எழுத்தெழுத்தாகப் பார்த்தால், அதில் மூன்று தனித்தனி நோய்கள் தெரியும்.

'ச்' புள்ளியை இழந்தது பூவினால். எழுத்துக்கு மேலே ஐந்து இதழோடு இருக்கும் திட்டைக் கருவி புள்ளியாக ஏற்கவில்லை. அலங்காரம் அல்லது அழுக்கு என்று விட்டுவிட்டது. பூவை அழித்து, எழுத்தின் கோட்டுத் தடிமன் அளவுக்கு ஒரு கரும்புள்ளி வைத்தால் சரியாகும். நட்சத்திரம், இதயம், சிறு வட்டம் என்று புள்ளிக்கு மாறுவேடம் போடாத தமிழ்த் தலைப்பெழுத்தாளர் குறைவு என்பதால் இது அடிக்கடி வரும் நோய்.

'சோ' என்பது 'சேர' ஆனது காலினால். அச்சுத் தமிழிலேயே துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருப்பவை. தலைப்பெழுத்தில் காலின் அடியை ஒரு வாலாக இழுத்துவிட்டால் அது ரகரமேதான். வாலை நறுக்கிவிட்டால் கருவி பெரும்பாலும் திருந்திக்கொள்ளும்.

'லை' என்பது 'ல' ஆனது வரலாற்றினால். பெரியார் 1930-களிலிருந்து தம் ஏடுகளில் பயன்படுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா வரிசையில் சிலவும் வேறு வடிவில் எழுதப்பட்டன. இன்றைய எழுத்துணரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்கள்தாம். யூனிகோடில் பழைய வடிவுக்கென்று தனி இடம் இல்லை; பழைய 'லை'யும் புதிய 'லை'யும் ஒரே குறியீடுதான், தோற்றம் எழுத்துருவின் வேலை. எனவே இதைப் படம் திருத்திச் சரிசெய்வதில் பொருளில்லை. உரையில் திருத்த வேண்டும். அல்லது பழைய வடிவங்கள் உள்ள சில நூறு வரிகளைப் படமாகவும் தட்டச்சு செய்த உரையாகவும் சேர்த்து டெசராக்டுக்கு மறுபயிற்சி தர வேண்டும். மொத்த நூலகத்தை மின்னூலாக்குகிறவர்களுக்கு அந்த உழைப்பு தகும். ஓர் அட்டைக்குத் தகாது.

உண்மையில் ஓர் அட்டைக்கு மேலே சொன்ன எதுவுமே தகாது. ஐந்து எழுத்தைக் கையால் தட்டினால் பத்து நொடி. இந்த வேலையெல்லாம் பொருளுள்ளதாவது, ஓவியர்கள் கதைக்குக் கதை வேறு பாணியில் தலைப்பு வரைந்த பழைய வார இதழ்களில். ஆண்டுக்கு ஐம்பது இதழ், இதழுக்குப் பத்துத் தலைப்பு என்றால் ஐந்நூறு படங்கள். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டிய இடம் கதைப் பக்கம் இல்லை, பொருளடக்கப் பக்கம். ஓவியர் சுருட்டி வளைத்த அதே தலைப்பு அங்கே எளிய அச்செழுத்தில் பக்க எண்ணோடு நிற்கும். கருவி அதைச் சிரமமில்லாமல் படிக்கும்; பக்க எண்ணை வைத்துத் தலைப்பைக் கதையோடு சேர்த்துவிடலாம். சினிமா போஸ்டரில் படிக்க முடியாத டைட்டில், அதே படத்தின் செய்தித்தாள் விளம்பரத்தில் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கடைப் பெயரை முகப்புப் பலகையில் படிக்க முடியாவிட்டால் பில்லில் படிக்கலாம். அலங்கார எழுத்துக்கு ஓர் எளிய இரட்டை எங்காவது இருக்கும். அதைத் தேடும் நேரம், படத்தைச் சலவை செய்யும் நேரத்தைவிடப் பெரும்பாலும் குறைவு.

கருவியின் விடையை எவ்வளவு நம்புவது என்பதும் தனிக் கேள்வி. கட்டளையின் முடிவில் `tsv` என்று சேர்த்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று டெசராக்ட் தன் உறுதியைச் சொல்லும். எண் தாழ்ந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் எண் உயர்ந்திருந்தால் நிம்மதியடைய முடியாது. அலங்கார எழுத்தை அது தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லாகத் திருத்திவிட்டு, முழு உறுதியோடு பொய் சொல்லும். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஒரே படத்தை இரண்டு விதமாகச் சுத்தம் செய்து, ஒருமுறை கோட்டைத் தடித்தும் ஒருமுறை மெலித்தும், இரண்டையும் படிக்கச் சொல்ல வேண்டும். இரு விடையும் ஒன்றானால் பெரும்பாலும் சரி. வேறானால் கண்ணால் பார்க்காமல் கடக்கக் கூடாது.

படிக்காமல் அடையாளம் காணுதல்

எழுத்துரு எது என்று கண்டுபிடித்துத் தரும் தளங்களிடம் லோகோவைக் கொடுப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். கோக கோலா என்ற பெயரை 1880-களில் அந்தக் கடையின் கணக்காளர் ஃபிராங்க் ராபின்சன் அன்றைய ஸ்பென்சர் கையெழுத்துப் பாணியில் எழுதினார். அதற்கு எழுத்துரு என்று ஒன்று இருந்ததில்லை. பின்னாளில் அதைப் பார்த்துச் செய்த போலிகள் உண்டு; தளம் அவற்றில் ஒன்றைக் காட்டும். ஒரு லோகோவில் ஒரே எழுத்து இருமுறை வந்து, இரண்டும் வெவ்வேறு மாதிரி இருந்தால் அது கையால் வரைந்தது என்று முடிவுகட்டித் தேடலை நிறுத்திவிடலாம். இரண்டும் அச்சுப்போல ஒன்றாக இருந்தால் மட்டும், ஒட்டாத மூன்று நான்கு எழுத்துகளை வெட்டி நேராக வைத்துக் கொடுக்கலாம்.

லோகோவைப் படித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் வழி எளிதாகிவிடுகிறது. வணிகச் சின்னப் பதிவு அலுவலகங்கள் கணினிக் காலத்துக்கு முன்பே இதைக் கண்டுகொண்டன. 1973-இல் வியன்னாவில் கையெழுத்தான ஓர் உடன்பாட்டின்படி, சின்னங்களில் உள்ள உருவங்கள் வகை எண்களால் குறிக்கப்படுகின்றன. அதில் 27-ஆம் வகை எழுத்து வடிவங்களுக்கானது. மனிதன், விலங்கு, செடி போன்ற உருவில் அமைந்த எழுத்து, தனிப் பாணியில் எழுதப்பட்ட எழுத்து என்று அதற்குள் உட்பிரிவுகள் உண்டு. மயில் வடிவில் வளைத்த 'ம' எழுத்தை அலுவலர் படிக்கத் தவறினாலும், பறவை உருவில் ஓர் எழுத்து என்று எண் போட்டு வைத்தால் பிறகு தேடிப் பிடித்துவிடலாம். இன்று உலக அறிவுசார் சொத்து அமைப்பின் சின்னத் தரவுத்தளத்தில் படத்தையே ஏற்றி அதுபோன்ற சின்னங்களைத் தேடும் வசதியும் இருக்கிறது. தெரியாத லோகோ ஒன்றின் பெயர் வேண்டும் என்றால் எழுத்துணரியைவிடப் படத்தால் படத்தைத் தேடும் வழியே முதலில் முயல வேண்டியது.

சுவரெழுத்தில் இந்த வழி விருப்பமல்ல, கட்டாயம். இங்கே பேசுவது நியூயார்க்கில் 1970-களில் பெருகிய கிராஃபிட்டி மரபை. தமிழகத்துக் கட்சிச் சுவர் விளம்பரத்தை அல்ல. கட்சிச் சுவர் எழுத்து, பேருந்தில் போகிறவர் படிக்க வேண்டும் என்று எழுதப்படுவது. நிழலைக் கழித்துவிட்டால் கருவிகூடப் படிக்கும். டாக்கி 183 என்று நகரெங்கும் பெயர் எழுதிய இளைஞரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டபோது, அந்தப் பெயரும் யாரும் படிக்கும் எழுத்தில்தான் இருந்தது. எழுதுகிறவர்கள் பெருகப் பெருக, ஒருவரை ஒருவர் மிஞ்சும் போட்டியில் எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, அம்புக்குறிகள் முளைத்து, 'வைல்ட் ஸ்டைல்' என்ற பாணி பிறந்தது. அதில் எழுத்து எங்கே முடிந்து அலங்காரம் எங்கே தொடங்குகிறது என்பது வெளியாளுக்குத் தெரியக் கூடாது என்பதே திறமை. படிக்க முடியாதபடி எழுதியதைக் கருவி படிக்கவில்லை என்று குறைகூற முடியாது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனில் ஜெயின் குழு 2009-இல் வெளியிட்ட கிராஃபிட்டி-ஐடி என்ற முறை படிக்கும் முயற்சியையே விட்டுவிட்டது. புதிய படத்தில் மூலைகள், முனைகள் போன்ற தனித்துத் தெரியும் புள்ளிகளை எடுத்து, ஏற்கெனவே சேமித்த படங்களின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, எது எதைப்போல் இருக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். படம் பெரிதோ சிறிதோ, சற்றுத் திரும்பியதோ, அந்தப் புள்ளிகள் பெரிதும் மாறுவதில்லை. ஒரே கை ஒரே பெயரை எழுதிய இரண்டு சுவர்கள் இப்படிச் சேர்ந்துவிடும். பெயர் என்ன என்பது தெரியாமலே. இதன் எல்லையும் அதுவே: அதே ஆள் பாணியை மாற்றிக்கொண்டால் சேராது.

ஒப்பிடுவதற்கு நல்ல படம் வேண்டும். வியன்னா நகரின் டோனாகனால் கால்வாயோரச் சுவர்களை 2021 முதல் ஆவணப்படுத்திய இண்டிகோ திட்டம், ஒரு சுவரைப் பல கோணங்களில் எடுத்து, அந்தப் படங்களிலிருந்து சுவரின் முப்பரிமாண வடிவைக் கணித்து, அதை நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் தட்டையான ஒரே படமாக விரித்துக்கொண்டது. தனி ஆள் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. சுவருக்கு நேர் எதிரே நின்று, வெயில் நேராக விழாத நேரத்தில், முழுச் சுவரை ஒரு படமும் விளிம்புகளைத் தனித்தனிப் படங்களுமாக எடுத்தால் போதும்.

விளிம்புகளை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஓவிய எழுத்தை முடித்த பிறகு, அதன் ஓரத்தில் எழுதியவர் தம் பெயரையோ குழுவின் முதலெழுத்துகளையோ சில சமயம் ஆண்டையோ சிறிய கையெழுத்தாக விட்டுச் செல்வது வழக்கம். நடுவில் பின்னிக்கிடப்பதும் பெரும்பாலும் அதே பெயர்தான். ஓரத்துக் கையெழுத்தைப் படித்துவிட்டு நடுவில் பார்த்தால், முதலெழுத்தும் கடைசியெழுத்தும் முதலில் பிடிபடும். அவற்றுக்குத்தான் ஒரு பக்கமாவது பின்னல் இல்லாமல் இருக்கும். நடு எழுத்துகளை அங்கிருந்து உள்நோக்கிப் பிரித்துக்கொண்டு வரலாம். ஐயமான எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுப் பதிந்து வைக்க வேண்டும். ஊகித்து நிரப்பினால் பிறகு தேடுகிறவருக்கு அது ஊகம் என்றே தெரியாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகமும் பாடர்போர்ன் பல்கலைக்கழகமும் நடத்தும் இங்ரிட் என்ற கிராஃபிட்டித் தொகுப்பிலும் சுவரெழுத்துகளை இன்னும் மனிதர்கள்தான் பார்த்துப் படித்து எழுதி வைக்கிறார்கள்.